காலில் துளைக்கும் மணல் தெள்ளு: அடையாளமும் அகற்றும் முறையும்

ஊவாவின் வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் வெறுங்காலுடன் வேலை செய்வோர், உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றினால் அதை முள் என எண்ணித் தையலூசியால் கிண்டி எடுப்பது வழக்கம். அப்புள்ளி பெரும்பாலும் முள்ளாகவே இருக்கும். ஆனால் சில வேளைகளில் அது தோலுக்குள் புகுந்து வாழும் ஓர் உயிருள்ள பூச்சியின் பின்புறமாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், கிண்டும்போது பூச்சி உடைந்து பாதி உள்ளே தங்கிவிடும். காயம் சீழ்ப்பிடிக்கும், ஏர்ப்புவலியும் தொற்றலாம். ஆகவே இதனை அடையாளங் காணும் விதத்தையும், அபாயமின்றி அகற்றும் விதத்தையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

இப்பூச்சிக்கு மணல் தெள்ளு என்று பெயர். கிழக்காபிரிக்காவில் ஜிகர் என்றும் புன்சா என்றும் வழங்குவர். இதனால் உண்டாகும் நோயை வைத்தியர்கள் துங்கியாசிஸ் என்பர்.

1. இது எங்கே உள்ளது?

மணல் தெள்ளு நிலைத்து வாழும் இடங்கள் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்கா என்பனவாகும். இலங்கை இவற்றுள் ஒன்றன்று. எனவே ஊவாவில் பிறந்து வேறெங்கும் செல்லாத ஒருவரின் காலில் கறுப்புப் புள்ளி காணப்பட்டால், முதலில் வேறு காரணங்களையே ஆராய்தல் வேண்டும்.

எனினும் இப்பூச்சி மனிதரின் கால்களோடு கடல் கடந்து செல்லும் இயல்புடையது. ஆதியில் இது அமெரிக்கக் கண்டத்தில் மாத்திரமே இருந்தது. 1872ஆம் ஆண்டில், றியோ டி ஜெனீரோவிலிருந்து புறப்பட்ட தோமஸ் மிச்செல் என்னும் கப்பல், பாரத்துக்காக ஏற்றிய மணலோடு அங்கோலாவிலுள்ள அம்பிரிஸ் துறையை அடைந்தது. அம்மணலோடும் கப்பலாட்களின் கால்களோடும் தெள்ளு ஆபிரிக்காவில் இறங்கியது. வணிகரும் படையினரும் சுமைகாவுவோரும் நடந்த வழியெங்கும் அது பரவி, அந்நூற்றாண்டு முடியுமுன் கிழக்குக் கரையை எட்டியது. அக்காலத்திலேதான், 1896 முதல் 1901 வரை, இந்தியாவிலிருந்து சென்ற தொழிலாளர் உகண்டாப் புகையிரதப் பாதையை அமைத்தனர். அவர்களுள் பலர் ஜிகரினால் நடக்கவியலாது துன்புற்றனர். 1899ஆம் ஆண்டளவில், ஆபிரிக்காவிலிருந்து திரும்பியோரின் கால்களோடு அது பம்பாயிலும் கராச்சியிலும் வந்திறங்கியது. ஆயினும் ஆபிரிக்காவிற் போல அங்கே பெருகிப் பரவவில்லை. 1985ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தில் இந்நோயாளர் ஒருவரைப் பற்றி வைத்தியர்கள் எழுதியுள்ளனர். இவ்வாறு தனித்தனியே காணப்பட்டமையன்றி, இந்தியாவில் அது பெருவாரி நோயாகவில்லை.

ஆபிரிக்க நாடுகளுக்கு வேலைக்கும் படைச் சேவைக்கும் செல்வோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் ஊர் திரும்பிய முதல் மாதத்தில் காலில் தோன்றும் புள்ளியைக் குறித்தே இப்பிரசுரம் சிறப்பாகக் கூறுகின்றது.

2. பூச்சியின் வாழ்க்கை

மணல் தெள்ளு ஒரு மில்லிமீற்றர் நீளமே உடையது. தெள்ளினங்களுள் மிகச் சிறியது. இது வலிமையாகப் பாயமாட்டாது. ஆகையால் தரையிலிருந்து அது எளிதில் எட்டக்கூடிய பாதத்தையே பற்றுகின்றது. நகத்தின் ஓரம், விரல்களின் இடை, உள்ளங்கால், குதிக்கால் என்பன அதற்கு உகந்த இடங்கள்.

ஆண் தெள்ளு இரத்தம் குடித்து அகன்றுவிடும். பெண் தெள்ளோ தலைகீழாகத் தோலுக்குள் துளைத்துச் சென்று, பின்புறத்தை மாத்திரம் வெளியே விட்டு அங்கேயே தங்கிவிடும். அச்சிறு துவாரத்தின் வழியாகவே அது சுவாசிக்கின்றது, மலம் கழிக்கின்றது, முட்டையும் இடுகின்றது. உள்ளே சென்ற பின் அதன் வயிறு முட்டைகளால் நிறைந்து, பட்டாணிக்கடலை அளவுக்குப் பருக்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வெளியே தள்ளியபின், அது தோலுக்குள்ளேயே இறந்துவிடும்.

தரையில் விழுந்த முட்டைகள் சில நாட்களிற் பொரிக்கும். புழுக்கள் உலர்ந்த புழுதியிலும், மண்தரை வெடிப்பிலும், மாட்டுப்பட்டியின் காய்ந்த மூலைகளிலும் வளர்ந்து கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து புதிய தெள்ளு வெளிவர மூன்று நான்கு வாரங்கள் செல்லும்.

இதனைக் கமக்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நீர் நிற்கும் வயற்சேறு மணல் தெள்ளுக்கு உகந்த இடமன்று. உலர்ந்த களத்துமேடு, கூரைக்குக் கீழுள்ள புழுதி, பன்றிக்கூடு, நாய் படுக்கும் இடம் ஆகியனவே அதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் அது குறையும். வறண்ட காலத்தில் பெருகும். ஊவாவில் யூன் முதல் செப்டெம்பர் வரையுள்ள வறண்ட மாதங்களே அதற்கு இசைவானவை.

3. நாளுக்கு நாள் மாறும் அடையாளம்

பிரேசில் நாட்டின் போர்த்தலேசா நகரில் இந்நோயை ஆராய்ந்தோர், 2003ஆம் ஆண்டில் அதன் போக்கை ஐந்து நிலைகளாக வகுத்தனர். அவ்வகுப்பை அறிந்தவர், பார்த்தமாத்திரத்தில் பூச்சி எத்தனை நாளாக உள்ளே இருக்கின்றது என மதிப்பிடலாம்.

முதல் நிலையில், அதாவது துளைக்கும் நேரத்தில், ஒரு சிறு செந்நிறப் புள்ளியே காணப்படும். சிறிது அரிப்பும் இருக்கும். இரண்டாம் நிலை ஓரிரு நாளில் வரும். கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்து, அதைச் சூழ வெண்மை படரத் தொடங்கும். மூன்றாம் நிலை மூன்றாம் நாள் முதல் மூன்று வாரம் வரை நீடிக்கும். முத்துப் போன்ற வெண்ணிற வட்டமும், அதன் நடுவே கறுப்புப் புள்ளியும், சுற்றிலும் சிவந்த விளிம்பும் காணப்படும். நடக்கும்போது வலிக்கும். புள்ளியிலிருந்து நூல் போன்ற கபில நிற மலமோ மிக நுண்ணிய வெள்ளை முட்டைகளோ வெளிவரலாம். முட்டை வெளிவரக் கண்டால் நோயைப் பற்றி வேறு ஐயம் வேண்டியதில்லை. நான்காம் நிலையில், மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள், பூச்சி இறந்து கறுத்த பொருக்காகும். ஐந்தாம் நிலையில் பொருக்கு உதிர்ந்து, வட்டமான சிறு தழும்பு எஞ்சும்.

4. வேறெவற்றோடு மயங்கலாம்?

ஊவாவில் கால்நோய் பல உண்டு. அவற்றை மணல் தெள்ளென மயங்கி ஊசியால் கிண்டினால் நன்மையின்றித் தீமையே விளையும்.

கால் ஆணி அழுத்தம் படும் இடத்தில் மாதக்கணக்கில் வளரும். அதன் நடுவே துவாரம் இராது. உள்ளங்கால் மருவில் ஒன்றுக்கு மேற்பட்ட கருந்துளிகள் இருக்கும். இருபக்கமும் சேர்த்துக் கிள்ளினால் மிகவும் வலிக்கும். அதுவும் மெதுவாகவே பெருக்கும். முள் தைத்த இடம் முதல் நாளே வலிக்கும். வெண்ணிற வட்டமாகப் பருத்து வளராது. உண்ணி தோலுக்கு மேலே ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் கால்கள் தெரியும்.

தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட மற்றொன்று கொழுக்கிப் புழுவினால் வரும் கால் சொறியாகும். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் விரலிடைகளில் அப்புழுவின் குஞ்சுகள் நுழையும். அப்போது கடும் அரிப்பும் பல சிறு நீர்க்கொப்புளங்களும் உண்டாகும். நடுவே ஒற்றைக் கறுப்புப் புள்ளி இராது. நாயின் கொழுக்கிப் புழு நுழைந்தால், தோலின் கீழ் வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடொன்று நாளுக்கு நாள் நகரும். இவ்விரண்டும் ஊசியால் எடுக்கக்கூடியனவல்ல. வைத்தியர் கொடுக்கும் மருந்தாலேயே தீரும்.

ஐயமாயின் எளிய சோதனை ஒன்று உண்டு. புள்ளியின் வெளி விளிம்பைப் பேனா மையால் வட்டமிட்டு, தேதியைக் குறித்துக்கொள்க. மூன்று நாளின் பின் வெண்மை அவ்வட்டத்தைத் தாண்டி வளர்ந்திருப்பின் மணல் தெள்ளென ஐயுறலாம். மருவும் ஆணியும் மூன்று நாளில் அவ்வாறு வளர்வதில்லை. வளர்ச்சியோடு கடும் வலியும் சூடும் இருப்பின் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அப்போது காத்திராது வைத்தியரிடம் செல்க.

5. அகற்றும் முறை

அகற்றுதல் பயிற்சியுள்ள கையால், தோட்ட மருந்தகத்திலோ வைத்தியசாலையிலோ செய்யப்படுவதே முறை. அங்கே எவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிந்திருந்தால், பிறர் தவறாகக் கிண்ட முற்படும்போது தடுக்கலாம்.

முதலில் பாதத்தைச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பத்து நிமிடம் கழுவித் தோலை மெதுவாக்கித் துடைப்பர். அகற்றுபவர் கைகழுவிக் கையுறை அணிந்து, அவ்விடத்திற் பொவிடோன் அயடீன் தடவுவர். உறையிலிருந்து அப்போதே பிரித்த புதிய ஊசியையே உபயோகிப்பர். தையலூசியை நெருப்பிற் காட்டி எடுப்பதும், ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்குப் பயன்படுத்துவதும் கூடாது. ஒரே ஊசி பலருக்குச் சென்றால், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் அதன் வழியே செல்லக்கூடும்.

ஊசி முனையைக் கறுப்புப் புள்ளிக்கு நேரே குத்துவதில்லை. குத்தினால் பை உடையும். ஊசியைச் சாய்த்துப் பிடித்து, துவாரத்தின் விளிம்பிலுள்ள தடித்த தோலைச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக விலக்குவர். வாய் போதிய அகலமானபின், சாமணத்தாற் பற்றி முழுப்பையையும் ஒருசேர வெளியே எடுப்பர். விரலால் நசுக்கிப் பிதுக்குதல் கூடாது.

வெளிவந்ததைக் கண்டு சரிபார்த்தல் அவசியம். முழுமையாக வந்திருப்பின் அது வெண்ணிறமான பட்டாணி போன்ற உருண்டையாக இருக்கும். உள்ளே ஒரு வெறுங்குழி எஞ்சும். பை கிழிந்து துண்டாக வந்திருப்பின், எஞ்சிய பகுதியையும் வைத்தியர் சுரண்டி எடுத்தல் வேண்டும். உள்ளே தங்கிய துண்டே பின்னர் வீக்கத்துக்கும் சீழுக்கும் காரணமாகும். எடுத்த பூச்சியைத் தரையில் எறியாது ஸ்பிரிட்டில் இடுக, அல்லது எரித்துவிடுக. அதன் வயிற்றிலுள்ள முட்டைகள் தரையில் விழின் பொரிக்கக்கூடும்.

குழியை மீண்டும் கிருமிநாசினியாற் கழுவி, சுத்தமான துணியாற் கட்டி, ஆறும்வரை மண்ணும் சாணமும் படாது காத்தல் வேண்டும். ஏர்ப்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதை வைத்தியரிடம் சொல்க. ஐந்து ஆண்டு கடந்திருப்பின் மீண்டும் போடவேண்டி வரலாம். சாணமும் எருவும் கையாளுவோருக்கு இது மிக முக்கியமானது.

ஊசி பொருந்தாத சந்தர்ப்பங்களும் உள. நீரிழிவுள்ளோர், கால் மரத்துப்போனோர், பல பூச்சிகள் கூட்டமாக உள்ளோர், நகத்தின் கீழ் பூச்சியுள்ளோர், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு ஊசியைத் தவிர்ப்பது நன்று. இத்தகையோருக்கு டைமெத்திக்கோன் என்னும் எண்ணெய் உதவுகின்றது. தலைப்பேனைக் கொல்லவும் இதை விற்கின்றனர். இது பூச்சிக்கு நஞ்சன்று. நீர்போல மெல்லியதாதலால் துவாரத்துள் ஊர்ந்து சென்று, பூச்சி சுவாசிக்கும் வழியை அடைக்கின்றது. 2013ஆம் ஆண்டில் வெளியான கென்யா ஆய்வொன்றில், பிள்ளைகளின் ஒரு பாதத்தில் டைமெத்திக்கோனும் மறு பாதத்தில் பெர்மாங்கனேற்று நீரும் உபயோகித்தனர். ஏழாம் நாளில், டைமெத்திக்கோன் இட்ட பாதங்களில் நூற்றுக்கு 78 பூச்சிகளும், பெர்மாங்கனேற்று இட்ட பாதங்களில் நூற்றுக்கு 39 பூச்சிகளும் உயிரற்றிருந்தன. இவ்வெண்ணெய் தீப்பற்றக்கூடியது, அடுப்புக்கும் விளக்குக்கும் அருகிற் பூசலாகாது.

நான்காம் நிலையில் இறந்து கறுத்த பூச்சியைக் கிண்டி எடுக்கவேண்டியதில்லை. சுத்தமாக வைத்திருந்தால் தானாகவே உதிரும்.

6. செய்யத் தகாதவை

மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி அமிலம் முதலியவற்றைப் புள்ளியில் இடுவது தோலை வெந்துபோகச் செய்யும். புண் பெரிதாகுமேயன்றிப் பூச்சி அகலாது. உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் தெளிக்கும் கிருமிநாசினியைக் காலிற் பூசுவதும், படுக்கும் அறையின் தரையிற் கொட்டுவதும் கடுமையாக விலக்கத்தக்கன. அவை தோல் வழியே உடலுட் சென்று உயிருக்கே அபாயம் விளைக்கும். சிகரெட்டாற் சுடுவதும், பிளேட்டாற் குடைவதும் அவ்வாறே தவிர்க்கத்தக்கன.

7. ஓர் உதாரணம்

வெலிமடைப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் கிழக்காபிரிக்காவில் வேலை முடித்துத் திரும்புகின்றார் எனக் கொள்வோம். யூலை 8ஆம் தேதி அங்கே ஒரு கால்நடைக் கொட்டகையில் செருப்பின்றி நின்றார். 9ஆம் தேதி பெருவிரல் நகத்தருகே அரிப்பு உண்டாயிற்று. 11ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தார். 12ஆம் தேதி கறுப்புப் புள்ளியைக் கண்டு முள் என எண்ணினார். ஆனால் கிண்டாது மையால் வட்டமிட்டார். 15ஆம் தேதி வெண்மை வட்டத்தைத் தாண்டியிருந்தது, நடக்கையில் வலித்தது. பூச்சி உள்ளே புகுந்து ஏழு நாளாயிற்று என்பது இதனாற் புலனாகின்றது. அதாவது அது மூன்றாம் நிலையில் உள்ளது, முட்டையிடவும் தொடங்கியிருக்கும்.

அன்றே அவர் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, தாம் எந்நாட்டிலிருந்து எப்போது திரும்பினார் என்பதை முதலிலே சொல்லவேண்டும். இந்நோயை வைத்தியர்கள் இங்கே அரிதாகவே காண்பராதலால், பயணச் செய்தியைச் சொல்லாவிடின் அது மருவென்றே கருதப்படக்கூடும்.

பூச்சியை எடுத்தவுடன் வேலை முடிந்துவிடாது. அவர் 11ஆம் தேதி முதல் வீட்டில் நடந்தபோது சில முட்டைகள் தரையில் விழுந்திருக்கலாம். சீமெந்துத் தரையைச் சவர்க்கார நீராற் கழுவி, வெடிப்புகளை அடைத்தல் வேண்டும். மண்தரையாயின் நீர் தெளித்துப் புழுதியை அடக்கி, வெடிப்புகளைக் களிமண்ணால் நிரப்பி இறுக்குதல் வேண்டும். படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் தோய்க்கலாம். புதிய தெள்ளு வெளிவர மூன்று நான்கு வாரம் செல்லுமாதலால், ஆறு வாரத்துக்கு, அதாவது ஆகஸ்ட் மாத இறுதிவரை, வீட்டிலுள்ளோர் அனைவரும் இரவுதோறும் விளக்கொளியிற் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். நாயின் உள்ளங்கால்களையும் பன்றியின் குளம்போரங்களையும் பார்க்கவேண்டும். இவ்விரு மிருகங்களும் இப்பூச்சிக்கு இடங்கொடுப்பவை. அவற்றில் வெண்வட்டம் தெரிந்தால் மிருக வைத்தியருக்கு அறிவிக்க. வீட்டிலுள்ள ஒருவரின் காலில் புதிய புள்ளி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். வெளிநாடு செல்லாத அவருக்குப் பூச்சி அவ்வீட்டுத் தரையிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

8. தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிவப்பு விளிம்பைக் கடந்து மேலே படர்தல், சீழ் வடிதல், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், விரல் கறுத்தல் ஆகியவற்றுள் ஏதாயினும் ஒன்று தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. காயம் பட்டவருக்குச் சில நாட்களின் பின் தாடை இறுகி வாய் திறக்கக் கடினமானால், அஃது ஏர்ப்புவலியின் முதற்குறியாகும். காயம் சிறிதென்றும் ஆறிவிட்டதென்றும் எண்ணி இராது, இரவாயினும் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.